நினைவின் காலமும் திரையின் காலமும்: சிறுகதை திரைக்கதையாகும்போது அகவுரை அடைந்த மாற்றங்கள்

சிறுகதையொன்றைத் திரைக்கதையாக்கப் புகுந்த எவரும் முதலிற் சந்திக்கும் இடையூறு, கதாசிரியன் 'அவள் நினைத்தாள்' என்று இரண்டு சொற்களில் முடித்துவிட்ட காரியத்தைப் படப்பிடிப்புக் கருவி எங்ஙனம் முடிப்பது என்பதேயாகும். திரைக்கதை என்பது கண்ணால் காணக்கூடியதையும் காதால் கேட்கக்கூடியதையும் அன்றி வேறொன்றையும் ஏற்றுக்கொள்ளாத எழுத்து வகையாதலால், நினைவு என்னும் பொருள் அதனுள் நுழைய வேண்டுமானால் ஒன்று காட்சியாக உருமாற வேண்டும். அல்லது பின்னணிக் குரலாக ஒலிக்க வேண்டும். இவ்விரண்டில் எதை எப்பொழுது தெரிவது என்பதைப் பெரும்பாலும் எழுதுவோனின் ருசியைப் பொறுத்த விஷயமாகவே பேசி வருகிறார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் இம்முறை வளர்ந்து வந்த வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், அது ருசியினும் காலத்தைப் பொறுத்த விஷயம் என்பது புலனாகும். நினைவு எந்தக் கணத்தைச் சேர்ந்தது, அதைக் காட்டும் காட்சி எந்தக் கணத்தைச் சேர்ந்தது என்ற வினாவே இங்கு அடிப்படையானது.

தமிழருக்கு இந்த வினா முற்றிலும் புதியதன்று. அகத்திணைச் செய்யுட்களில் ஆசிரியன் தன் குரலில் எந்தப் பாத்திரத்தின் மனத்தையும் விவரிப்பதில்லை. தலைவி கூறுகிறாள், தோழி கூறுகிறாள், செவிலி கூறுகிறாள். கேட்க எவரும் இல்லாத சந்தர்ப்பத்திலும் தலைவன் தன் நெஞ்சை முன்னிலைப்படுத்தி அதனோடு பேசுகிறான். 'நெஞ்சொடு கிளத்தல்' என்று உரைகாரர் பெயரிட்டு வழங்கிய அத்துறையைப் பின்னணிக் குரலின் மூதாதை எனலாம். சொல்ல இயலாததையோ சொல்லத் தகாததையோ நண்டும் நாரையும் வேங்கையும் தாங்கி நிற்கும்படி விடுத்த உள்ளுறையோ, நினைவைக் காட்சியாக்கும் கலைக்கு முன்னோடி. ஆயினும் இம்மரபு திரைக்கு நேராக வந்து சேரவில்லை. இடையே நாடக மேடையும், பாட்டும், வானொலியும் நின்றன.

இலங்கையைக் களமாகக் கொண்ட படங்களில், காட்சியும் குரலும் வேறு வேறு காலங்களைச் சேர்ந்தவையாக இருத்தல் கூடும் என்பதை ஆரம்பத்திலேயே காட்டியது கதைப்படமன்று. ஒரு விவரணப் படம். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பொருட்டு பேசில் றைற் இயக்கி 1934 ஆம் ஆண்டு நிறைவெய்திய 'சோங் ஒஃப் சிலோன்' என்பதே அது. சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் ஏறிச் செல்லும் காட்சிகளோடு தொடங்கும் அப்படத்தின் விவரணை அக்காலத்தில் எழுதப்பட்டதன்று. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்ட வாசகங்களையே லயனல் வென்ட் வாசித்தார். இருபதாம் நூற்றாண்டின் முகங்களின்மீது பதினேழாம் நூற்றாண்டின் சொற்கள் படர்ந்தன. வாணிபத்தைப் பற்றிய மூன்றாம் பகுதியிலோ, நாட்டு மக்கள் உழைக்கும் காட்சிகளின்மேல் தொலைவிலுள்ள வர்த்தகரின் விலைக் குரல்களும் கட்டளைக் குரல்களும் ஒலிக்கின்றன. கொழுந்து பறிக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டே அக்கைகள் ஒருநாளும் கேட்டிராத குரல்களைப் பார்வையாளன் கேட்கிறான். பிரசாரத்துக்கென்று பணம் கொடுத்தவர்கள் இதன் கூர்மையை முழுதும் உணர்ந்துதான் கொடுத்தார்களா என்பது ஐயத்துக்குரியது. குரல் காட்சியை விளக்க வேண்டியதில்லை, அதனோடு முரணி நின்றே ஒரு கருத்தை உண்டாக்கலாம் என்னும் பாடம் இங்கே கிடைத்துவிட்டது. எனினும் அக்குரலுக்கு உரியவர் எவரும் படத்தினுள் இல்லை. அது வெளியிலிருந்து வந்த குரல். பறிப்பவளின் நெஞ்சுக்குள்ளே நடப்பதை அறிய அக்காலத்தில் எவரும் முயலவில்லை.

கதைப்படங்கள் வேறு வழியில் வந்தன. சிங்களத்தின் முதற் பேசும்படமாகிய 'கடவுணு பொறொந்துவ' 1947 இல் எஸ். எம். நாயகம் என்னும் தமிழரால், மதுரையில் அவருடைய சித்திரகலா ஸ்டூடியோவிலே தயாரிக்கப்பட்டது. அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலைக்கூடங்களின் சம்பிரதாயத்தையே கைக்கொண்டிருந்தன. அச்சம்பிரதாயத்தில் நினைவை வெளிப்படுத்த இரண்டு உபாயங்கள் இருந்தன. ஒன்று பாட்டு, பாத்திரத்தின் ஏக்கமோ பச்சாத்தாபமோ ஒரு பல்லவியாகவும் சரணமாகவும் விரிந்துவிடும். மற்றொன்று மனச்சாட்சி, நிலைக்கண்ணாடியின் முன் நிற்கும் நாயகனின் பிரதிபிம்பம் வெளியே வந்து அவனை நோக்கி நகைத்துக் கடிந்து பேசும். இரட்டைப் பதிவு என்னும் ஒளிப்பட நுட்பத்தால் ஆன இக்காட்சியைப் பிற்காலத்தவர் எள்ளி நகையாடினார்கள். நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. ஒருவன் தன் நெஞ்சோடு பேசுதல் என்னும் பழைய துறையைக் கண்ணுக்குப் பிரத்தியட்சமாக்க நடந்த நேர்மையான பிரயாசை அது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. மனச்சாட்சி கூறுவதும் நாயகனின் முகம் கூறுவதும் ஒரே கணத்தைச் சேர்ந்த ஒரே விஷயமாக இருந்தமையால், இரண்டில் ஒன்று வீணாயிற்று.

இச்சிக்கலுக்கு மிகத் தெளிவான விடை 1961 இல் வங்காளத்திலிருந்து வந்தது. தாகூரின் நூற்றாண்டை முன்னிட்டு அவருடைய மூன்று சிறுகதைகளைச் சத்யஜித் ராய் 'தீன் கன்யா' என்ற பெயரிற் படமாக்கினார். அவற்றுள் 'போஸ்ட்மாஸ்டர்' என்பதே நம் ஆராய்ச்சிக்கு உரியது. கல்கத்தாவிலிருந்து ஒரு குக்கிராமத்துக்குத் தபாலதிபராக வந்த இளைஞனுக்கு ரத்தன் என்னும் அநாதைச் சிறுமி வேலை செய்கிறாள். அவன் அவளுக்கு எழுத்தறிவிக்கிறான். காய்ச்சலில் விழுந்தபோது அவள் தாயைப் போல் அவனைப் பேணுகிறாள். பின்னர் அவன் ஊரை விட்டுப் போகிறான். தாகூரின் கதையில் முடிவு முழுவதும் நினைவு மயம். படகு நகரத் தொடங்கியதும் திரும்பிச் சென்று அச்சிறுமியை அழைத்துவரலாமா என்று அவன் எண்ணுகிறான். காற்று பாயில் நிறைந்துவிட்டது. உலகில் எத்தனையோ பிரிவுகளும் மரணங்களும் உண்டென்ற தத்துவத்தைக் கொண்டு தன்னைத் தேற்றிக்கொள்கிறான். ரத்தனுக்கோ அத்தகைய தத்துவம் எதுவும் கைவசம் இல்லை என்று ஆசிரியர் தம் குரலிலேயே கூறி முடிக்கிறார்.

இப்பகுதியை அப்படியே பின்னணிக் குரலாக்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். தாகூரின் வாசகம் என்ற மதிப்பும் அதற்கு இருந்திருக்கும். ராய் அதைச் செய்யாமல், கதையின் நடுவிலே எளிதாகக் கடந்து செல்லக்கூடிய ஒரு விவரத்தை எடுத்துக்கொண்டார். அவ்விளைஞன் நகரவாசியின் வழக்கப்படி சேமித்து வைத்த நீரில் குளிப்பவன். அவன் புறப்படும் நாளன்று எந்நேரத்தில் வேண்டுமோ என்று ரத்தன் முன்கூட்டியே நீர் கொண்டுவந்து வைத்திருந்தாள் என்பது கதையில் உள்ள செய்தி. அந்த நீரைப் படத்தின் கடைசிக்கு நகர்த்தினார் ராய். போகும் வழியில் நின்று, சிறுமிக்குக் கொடுப்பதற்கென்று நாணயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் காத்திருக்கிறான். வாளியைச் சுமந்து வரும் அவள் அவனை நோக்காமலே கடந்து செல்கிறாள். சற்றுப் பொறுத்து, புதிதாக வந்திருக்கும் எஜமானிடம் நீர் கொண்டுவந்திருப்பதாக அவள் கூறும் குரல் மட்டும் கேட்கிறது. அவன் நாணயத்தைப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கிறான்.

இங்கே நடந்தது என்ன என்பதை நிதானித்துப் பார்க்க வேண்டும். மூலக் கதையில் ரத்தன் அவன் கால்களில் விழுந்து அழுது, பணம் வேண்டாம் என்று கூறிவிட்டு ஓடுகிறாள். படத்தில் அவள் ஒன்றும் சொல்வதில்லை. அவனுடைய குற்றவுணர்வு என்னும் நினைவு, கொடுக்க முடியாமற்போன ஒரு நாணயமாக உருப்பெற்றது. அவளுடைய துயரமும் மானமும் ஒரு வாளியின் பாரமாக உருப்பெற்றன. இந்த நினைவுகள் அனைத்தும் அந்தக் கணத்தையே சேர்ந்தவை. கணத்தைச் சேர்ந்த நினைவு எப்பொழுதும் ஏதேனும் ஒரு பொருளை நோக்கியே இருக்கும். அந்தப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் குரலுக்கு வேலை இல்லை. ஆனால் தாகூரின் தத்துவ வாசகம் மாத்திரம் இவ்வாறு மாறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஒரு கணத்தின் நினைவன்று, வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்த்த ஆசிரியரின் தீர்ப்பு. ராய் அதை மொழிபெயர்க்க முயலாமல் விட்டுவிட்டார். விட்டுவிடுதலும் திரைக்கதை ஆசிரியனின் உபாயங்களுள் ஒன்றே.

தீர்ப்பை விட்டுவிட இயலாத கதைகளும் உண்டு. தீர்ப்பே கதையாக உள்ள சந்தர்ப்பத்தில் என் செய்வது? இதற்கு உரிய உதாரணம் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. ஜீ. பி. சேனாநாயக்கவின் சிறுகதையைத் தழுவித் திஸ்ஸ அபேசேகர திரைக்கதை எழுத, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கி 1972 இல் வெளிவந்த 'நிதானய', அதாவது புதையல், என்னும் படத்தில், நலிந்துபோன பிரபு குடும்பத்தின் கடைசி வாரிசாகிய வில்லி அபேநாயக்க, ஒரு புதையலை அடைய வேண்டுமானால் குறிப்பிட்ட மச்சங்கள் உடைய பெண்ணொருத்தியைப் பலியிட வேண்டும் என்ற நம்பிக்கையால் ஆட்கொள்ளப்பட்டு, அத்தகைய அடையாளங்கள் கொண்ட ஐரீனைத் தேடிக் கண்டு, விரும்பி மணந்து, இறுதியிற் கொல்கிறான். புதையல் கிட்டவில்லை. காமினி பொன்சேகாவும் மாலினி பொன்சேகாவும் நடித்த இக்கதை, வில்லியே தன் குற்றத்தை எடுத்துரைக்கும் முறையில் அமைந்திருக்கிறது.

இங்கே பின்னணிக் குரல் வேண்டிய காரணம் யாது? அவன் எண்ணுவதைக் காட்ட முடியாது என்பதன்று. காமினி பொன்சேகாவின் முகம் அதற்குப் போதுமானது. குரல் கொலைக்குப் பின்னுள்ள காலத்திலும் காட்சி கொலைக்கு முன்னுள்ள காலத்திலும் நிகழ்வதே காரணம். புதுமணத் தம்பதிகளின் இன்பமான நாட்களை நாம் பார்க்கும்போது, அவள் அறியாததையும், அன்றைய வில்லி தனக்குத்தானே ஒப்புக்கொள்ளாததையும் குரல் அறிந்திருக்கிறது. குரலை நீக்கிவிட்டால் அக்காட்சிகள் வெறும் குடும்பக் காட்சிகளாகும். காட்சிகளை நீக்கிவிட்டால் குரல் ஒரு நீதிமன்ற வாக்குமூலமாகும். மேலும், பேசுவதற்கு அவனுக்கு ஒரு முகாந்திரம் உண்டு. குற்றம் புரிந்தவன் யாரிடமேனும் சொல்லியே தீர வேண்டிய நிலையில் இருக்கிறான். பேசுபவன் யார், எந்தக் காலத்தில் நின்று பேசுகிறான், ஏன் பேசுகிறான் என்ற மூன்றுக்கும் விடை இருப்பதனாலேயே இக்குரல் ஒட்டவைத்ததாகத் தோன்றாமல் கதையின் உறுப்பாகத் தோன்றுகிறது. அரசாங்கத் திரைப்படப் பிரிவில் விவரணப் படங்கள் எடுத்துப் பழகியவர் பீரிஸ் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். விவரணப் படத்தின் வெளிக்குரலை நன்கு அறிந்த ஒருவருடைய படத்தில், குரல் வெளியிலிருந்து ஒரு குற்றவாளியின் தொண்டைக்குள் வந்து சேர்ந்தது.

தமிழ்த் திரைக்கதை மூன்றாவதொரு வழியையும் காட்டியிருக்கிறது. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' என்னும் சிறிய கதையிலிருந்து இயக்குநர் சசி 2008 இல் 'பூ' என்ற படத்தை உருவாக்கினார். மணமாகிச் சென்ற மாரி தாய்வீட்டுக்கு வந்து, தான் மனத்தில் வைத்திருந்த மாமன் மகன் தங்கராசு தன் மனைவியோடு சுகமாக இல்லை என்று அறிந்து கதறியழுகிறாள். அருகில் உள்ளவர்களுக்குக் காரணம் விளங்குவதில்லை. அவ்வழுகையின் காரணம் வாசகனுக்கு மட்டும் தெரியும். அதைத் திரையில் ஒரு குரல் விளக்கியிருந்தால், விளங்காமையே அழகாக உள்ள அக்கணம் பாழாகியிருக்கும். சசி அதற்குப் பதிலாக மாரியின் பால்யம் முழுவதையும் படமாக்கி, அழுகையின் காரணத்தைப் பார்வையாளனுக்கு முன்கூட்டியே அனுபவமாகக் கொடுத்துவிட்டார். கடந்த காலத்தைப் பற்றிய நினைவு, கடந்த கால நிகழ்ச்சியாகவே ஆயிற்று. இவ்வழிக்கு விலை உண்டு: சில பக்கக் கதை முழுநீளப் படமாக வளர்ந்தே தீரும், இருபது நிமிடக் குறும்படம் எடுப்பவனுக்கு இது உதவாது.

இலங்கையின் மலையக மக்களின் நினைவுகள் திரைக்கு வந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் கதைவசனத்தோடு வீ. பீ. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' 1975 இல் வெளிவந்தது குறிப்பிடத்தக்கது. தேயிலை மலைகளுக்குக் கிட்டிய அந்தச் சிறிய இடமும் சப்ரகமுவவின் றப்பர்த் தோட்டங்களுக்குக் கிட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக வரும் பாதை அவிசாவளை–ஹட்டன் பாதையோடு கூடுகின்ற கரவனெல்லவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நிகழ்வதாக ஒரு கதையை நாமே கற்பித்துக்கொண்டு, மேற்கூறிய வரலாறு தரும் முறையை அதிற் பிரயோகித்துப் பார்ப்போம்.

கதை இது. செல்லம்மா பால்வெட்டும் தொழிலாளி. மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். தீபாவளிக்கு முந்திய நாள் விடியுமுன் மழை பெய்கிறது. கதாசிரியன் அவள் நெஞ்சில் மூன்று நினைவுகளை எழுதுகிறான். இன்று வெட்டு இல்லை, ஆகவே பேர் விழாது, கைக்காசு குறையும் என்பது முதலாவது. படிக்கிற பிள்ளையைக் கடைக்கு அனுப்பியிருக்கக் கூடாது என்பது இரண்டாவது. அந்த மழை நாளுக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வரவே இல்லை என்று, ஆண்டுகள் கழிந்தபின் நின்று சொல்லும் கடைசி வாக்கியம் மூன்றாவது.

முதல் நினைவு கணத்தைச் சேர்ந்தது. எனவே பொருளைத் தேட வேண்டும். மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்டிய பால் கீற்றுவழியே சிரட்டைக்கு வராமல் பட்டையெங்கும் பரந்து மழைநீரோடு கழுவுண்டு போகும் என்பதைத் தோட்டத்தில் வாழ்பவர் யாவரும் அறிவர். செல்லம்மா மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சேலையில் துடைத்துக்கொண்டு, சிரட்டையைக் கவிழ்த்துவிட்டுத் திரும்புவதாகக் காட்டினால், கரவனெல்லப் பார்வையாளனுக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பார்ப்பவனுக்கு அது மழையில் நனைந்த ஒரு பெண்ணின் காட்சி மாத்திரமே. காட்சியின் மொழி எல்லார்க்கும் பொதுவானது என்று அடிக்கடி சொல்லப்படுவது இங்கே பொய்யாகிறது. எனினும் இக்குறையைப் போக்கப் பின்னணிக் குரலை அழைப்பது பெரும்பாலோர் செய்யும் பிழை. மழையால் வருமானம் குறையும் என்று அவள் தனக்குத்தானே விளக்கிக்கொள்ள மாட்டாள். அவளுக்குத் தெரிந்ததை அவளிடமே சொல்லும் குரல், உண்மையில் பார்வையாளனிடம் பேசும் ஆசிரியனின் குரலே. பிரட்டுக் களத்தில் குடையின் கீழ் நிற்கும் கங்காணி, "இன்னைக்கு வெட்டு இல்ல, பேரும் இல்ல, வீட்டுக்குப் போங்க" என்று சொல்வதாக வைத்தால் காரியம் முடிந்தது. அது நாள்தோறும் அங்கே பேசப்படக்கூடிய பேச்சு.

இரண்டாம் நினைவு ஒரு கணத்தைச் சேர்ந்ததன்று. பல நாட்களாக அவளோடு வாழ்ந்து வருவது. வழக்கமாகிவிட்ட நினைவுக்கு வழக்கமாகிவிட்ட ஒரு பொருள்தான் பொருந்தும். மகனின் பழைய புத்தகப் பையில் அவள் ஒட்டுப்பால் சேர்த்துக்கொண்டு வருவதாகக் காட்டலாம். அதை முதற் காட்சியிலேயே, முக்கியத்துவம் எதுவும் கொடாமல், அவள் தோளில் தொங்கவிட வேண்டும். அண்மைக் காட்சியில் பெரிதாகக் காட்டினால் அதுவும் ஒரு விளக்கக் குரலாகிவிடும்.

மூன்றாவதுதான் குரலுக்கு உரியது; ஏனெனில் அதன் காலம் வேறு. ஆனால் யாருடைய குரல்? செல்லம்மாவின் முதுமைக் குரலாக வைத்தால் இரக்கம் உண்டாகும். ஆனால் அவள் பேச முகாந்திரம் இல்லை, கேட்பாரும் இல்லை. மகனின் குரலாக வைத்தாலோ ஒரு நிர்ப்பந்தம் குறுக்கிடுகிறது: அன்று தோட்டத்தில் நடந்ததை அவன் காணவில்லை, ஆகவே அவன் அதை விவரிக்க இயலாது. இந்நிர்ப்பந்தத்தை இடையூறாகக் கருதாமல் வாய்ப்பாகக் கொள்ள வேண்டும். அவன் தனக்குத் தெரிந்ததை மட்டும் பேசட்டும்: பண்டிகை நாளில் முதலாளி கடையைப் பூட்ட நேரமானதையும், கடைசி பஸ் போய்விட்டதையும், மறுவருஷம் போகலாம் என்று எண்ணியதையும் சொல்லட்டும். அதே வேளையில் காட்சியில், அவனுக்கு ஒருபோதும் தெரியவராத காரியங்கள், கவிழ்த்த சிரட்டையும், லயத்துக் கதவும், தோளிற் பையும், தம்பாட்டில் நடந்துகொண்டிருக்கட்டும். குரலுக்குத் தெரிந்தது காட்சிக்குத் தெரியாது. காட்சிக்குத் தெரிந்தது குரலுக்குத் தெரியாது. இரண்டையும் அறிந்தவன் பார்வையாளன் ஒருவனே. கைகளையும் விலைக் குரல்களையும் 1934 இல் எதிரெதிரே நிறுத்திய அந்த உபாயம், இங்கே ஒரு குடும்பத்துக்குள் இடம்பெறுகிறது.

எழுதி முடித்த பிரதியைச் சோதிப்பதற்குப் பழைய முறையொன்று இன்றும் பயன்படும். தாளை இரண்டாக வகுத்து, இடப்புறம் காண்பதையும் வலப்புறம் கேட்பதையும் எழுதி, வலப்புறத்தைக் கையால் மறைத்து இடப்புறத்தை மட்டும் வாசிக்க வேண்டும். பின்னர் இடப்புறத்தை மறைத்து மற்றதை வாசிக்க வேண்டும். வலப்புறம் மறைந்திருக்கும்போதும் கதை முழுவதும் விளங்குமானால் குரலை அடித்துவிடலாம். இடப்புறம் மறைந்திருக்கும்போதும் கதை முழுவதும் விளங்குமானால், எழுதப்பட்டது வானொலி நாடகமேயன்றித் திரைக்கதை அன்று. இலங்கை வானொலியின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்த நம்மவரிடம் இந்த இரண்டாவது குறையே அதிகம். ஒலிவாங்கிக்கு அருகில் வந்து தாழ்ந்த குரலிற் பேசினால் அது நினைவாகிவிடும் என்ற அந்த இனிய மரபு நம் செவியை விட்டு எளிதில் நீங்குவதில்லை. இறுதியாக, குரலின் வாசகங்களைக் கடிகாரத்தை முன்வைத்து உரக்கப் படிக்க வேண்டும். திரைக்கதையின் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது தொழிலில் உள்ளோர் கணக்கு. செல்லம்மா மரத்திலிருந்து லயத்துக்கு நடக்கும் நேரம் அரை நிமிடமாக இருக்க, மகனின் பேச்சு முக்கால் நிமிடம் நீளுமாயின், குறைக்க வேண்டியது பேச்சையேயன்றி நீட்ட வேண்டியது அவள் நடையை அன்று.